வராத கட்டளை: டெஸ்டோஸ்டிரோன் குறைவும் பிட்யூட்டரிக் கட்டியும்

என்னிடம் வரும் ஆண்களில் பலர் கையில் ஒரு பரிசோதனைச் சீட்டோடு வருகிறார்கள். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: டெஸ்டோஸ்டிரோன் 180. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று அச்சடித்திருப்பார்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே கேள்வி வந்துவிடும்: “இதற்கு ஊசி இருக்கிறதாமே டாக்டர், போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?”

ஊசி இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஊசி போட மாட்டேன். டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. பழுது விரையில் இருக்கிறதா, தலைக்குள் இருக்கிறதா என்று அது சொல்வதில்லை. தலைக்குள் இருக்கும் பழுதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதிலும் குறிப்பாக ஒரு கட்டியைப் பற்றி.

முதலில் அந்த வரியையே கொஞ்சம் சந்தேகிப்போம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். அதனால் காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு, பஜ்ஜியும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கொடுத்த இரத்தத்தை நம்பி யாருக்கும் நோய் முத்திரை குத்தக் கூடாது. காலை நேரத்தில் ஒரு டெசி லிட்டருக்கு 300 நானோகிராமுக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. இரண்டு முறையும் அதற்குக் கீழே வந்து, உடலிலும் அதற்கான அறிகுறிகள் இருந்தால் மேலே யோசிக்கலாம்.

விரைகள் தாமாக டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பதில்லை. மூளையின் அடித்தளத்தில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோன் துடிப்புத் துடிப்பாகக் கிளம்பும். அது நேரே கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும். பிட்யூட்டரி உடனே எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடும். எல்.எச். விரைக்குப் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கும். டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவுக்கு வந்ததும் அந்தச் செய்தி மேலே போய், கட்டளையின் வேகம் குறையும்.

ஒரு நூற்பாலையையும் அதன் தலைமை அலுவலகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் இயந்திரம் பழுதானால் உற்பத்தி விழும். அலுவலகத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வரும். ஆனால் உற்பத்தியும் விழுந்து, கடிதமும் வராமல் இருந்தால் கோளாறு ஆலையில் இல்லை, அலுவலகத்தில்தான். விரை பழுதானவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவும் எல்.எச். மிக அதிகமாகவும் இருக்கும். பிட்யூட்டரியோ ஹைப்போதலாமஸோ பழுதானவருக்கு இரண்டுமே கீழே கிடக்கும்.

இதில் சீட்டைப் படிப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டெஸ்டோஸ்டிரோன் 120 என்றும் எல்.எச். 2.5 என்றும் வருகிறது. ஆய்வகத்தின் கணக்கில் 2.5 என்பது இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. அதனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் போட்டிருக்காது. பார்ப்பவர் ‘எல்.எச். நார்மல்’ என்று தள்ளிவிடுவார். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு விழுந்த ஒருவருக்கு எல்.எச். கூரையைத் தொட்டிருக்க வேண்டும். தொடவில்லை என்பதே நோய். எனக்குக் கிடைக்கும் தடயங்களிலேயே மிகப் பெரியது, குறி போடாத அந்த எண்தான்.

உடனே எல்லாரும் தலையில் கட்டி என்று பயந்துவிட வேண்டாம். கட்டளை குறைவதற்கு மிகப் பரவலான காரணங்கள் சாதாரணமானவை: உடல் பருமன், சர்க்கரை நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, அபின் வகை வலி மருந்துகள், ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஊசிகள். இவர்களுக்கெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டிருந்தால் பணம்தான் வீணாகும். டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே இருந்தால், புரோலாக்டின் ஏறியிருந்தால், பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களும் குறைந்திருந்தால், அல்லது தலைவலியோ பார்வைக் கோளாறோ சேர்ந்திருந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

புரோலாக்டின் என்றேன். பிரசவித்த தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. ஆண்களுக்கும் சிறிதளவு உண்டு. ஒரு மில்லி லிட்டருக்கு 15, 20 நானோகிராம் வரை. பிட்யூட்டரியில் புரோலாக்டினைச் சுரக்கும் செல்கள் பெருகிக் கட்டியானால் அதைப் புரோலாக்டினோமா என்கிறோம். ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதான். இது கிட்டத்தட்ட எப்போதுமே புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ‘மூளைக் கட்டி’ என்று கேட்டவுடன் குடும்பமே அழத் தொடங்கும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் அது இரண்டு வழியில் ஆண்மையைக் கெடுக்கும். கட்டி சிறியதாக இருக்கும்போதே, இரத்தத்தில் ஏறிய புரோலாக்டின் ஹைப்போதலாமஸின் அந்தத் துடிப்பை அடக்கிவிடும். மேலே துடிப்பு இல்லை என்றால் எல்.எச். இல்லை, எல்.எச். இல்லை என்றால் டெஸ்டோஸ்டிரோன் இல்லை. கட்டி பெரிதானபின், எல்.எச். சுரக்கும் நல்ல செல்களையே நசுக்கத் தொடங்கும். முதல் வகைக் கெடுதி மருந்தால் முழுதாகத் திரும்பக் கூடியது. இரண்டாவது வகையில் நசுங்கிய செல்கள் மீளாமலும் போகலாம்.

பெண்களுக்கு இந்தக் கட்டி வந்தால் மாதவிடாய் நின்றுவிடும். சில மாதங்களிலேயே மருத்துவரிடம் வந்துவிடுவார்கள். அப்போது கட்டி சில மில்லி மீட்டர்தான் இருக்கும். ஆணுக்கு அப்படி ஒரு நாட்காட்டி கிடையாது. ஆசை குறையும், வயசாகிறது என்பார். விறைப்பு போகும், டென்ஷன் என்பார். வாரம் மூன்று முறை செய்த சவரம் ஒரு முறையாகும். அதை யாரும் கவனிப்பதில்லை. சிலருக்கு மார்பு லேசாகப் பெருக்கும். வெட்கத்தில் பல ஆண்டுகள் கழியும். இன்னும் சிலர் சுவரொட்டியைப் பார்த்து, மாதம் இருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம் போய் லேகியம் வாங்கித் தின்பார்கள். பத்து மில்லி மீட்டருக்கு மேற்பட்ட கட்டியைப் பெரிய கட்டி என்று வகுத்திருக்கிறோம். ஆண்கள் எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருப்பார்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். இவர் தனி ஆள் அல்ல. நான் பார்த்த பலரைச் சேர்த்து வரைந்த ஆள். வயது 41. லோடு வேன் ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். மூன்று ஆண்டுகளாகத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. மனைவி முதலில் சந்தேகப்பட்டு, பிறகு சண்டை போட்டு, கடைசியில் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் மந்தமான தலைவலி, தினமும் தைலம். கண்ணாடிக் கடையில் காட்டியதில் கடைசி வரிசை எழுத்து வரை படித்திருக்கிறார். கண்ணில் ஒன்றும் இல்லை, தூக்கம்தான் போதவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் கேட்டேன்: “அண்ணே, வண்டியில எங்கயாச்சும் இடிச்சீங்களா?” அவர் பதில் சொல்லும் முன் மனைவி முந்திக்கொண்டார். “ஆறு மாசத்துல ரெண்டு பக்கக் கண்ணாடியும் மாத்தியாச்சு சார். வீட்டுல நிலைப்படில தோள் இடிச்சிக்கிறாரு. பக்கத்துல நான் வந்து நின்னாலே திடுக்குன்னு பயப்படுறாரு.”

இந்த மூன்று வாக்கியங்கள் போதும். ஏன் என்று சொல்கிறேன். பிட்யூட்டரி அரை கிராம் எடைதான். மூக்குக்குப் பின்னால், எலும்பில் உள்ள ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கீழே எலும்பு. இருபுறமும் பெரிய இரத்தக் குழாயும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் போகும் அறைகள். மேலே மெல்லிய சவ்வுதான் கூரை. வளரும் கட்டிக்கு எளிதான வழி மேல்நோக்கித்தான். அந்தக் கூரைக்கு ஏறக்குறைய ஒரு சென்டி மீட்டர் மேலே, இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் சந்திப்பு இருக்கிறது. எல்லா இழைகளும் அங்கே கடப்பதில்லை. வலக் கண்ணுக்கு வலப் பக்கம் தெரிவதையும் இடக் கண்ணுக்கு இடப் பக்கம் தெரிவதையும் சுமந்துவரும் இழைகள் மட்டும் நடுவில் கடக்கின்றன. கட்டி கீழிருந்து அந்த நடுப்பகுதியில் முட்டும்போது, இரண்டு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை போய்விடும். முதலில் மேல் மூலைகள் மங்கும். பிறகு கீழே இறங்கும்.

நடுப் பார்வை கடைசி வரை தப்பித்திருக்கும். கண் மருத்துவர் காட்டும் எழுத்துப் பலகை நடுப் பார்வையை மட்டுமே சோதிக்கிறது. அதனால்தான் ஆறுக்கு ஆறு என்று சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் வாசல் கதவில் இடித்துக்கொள்கிறார். பார்வை போகிறது என்று நோயாளி சொல்வதே இல்லை. ஓரம் போனது அவருக்குக் கருப்பாகத் தெரியாது. தெரியவே தெரியாது, அவ்வளவுதான். கூட இருப்பவர்தான் கவனிக்கிறார். இவரைப் போன்றவர்களை நான் தனியாகப் பார்க்க விரும்புவதில்லை. வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ அழைத்து வரச் சொல்வேன்.

விரலை வைத்தே முதல் சோதனையைச் செய்துவிடலாம். எதிரெதிரே ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தோம். அவர் இடக் கண்ணை மூடிக்கொண்டு என் மூக்கையே பார்த்தார். நான் என் வலக் கண்ணை மூடிக்கொண்டேன். வெளியிலிருந்து உள்ளே என் விரலை அசைத்துக்கொண்டே கொண்டுவந்தேன். எனக்கு விரல் தெரிந்து வெகுநேரம் கழித்து, நடுக்கோட்டைத் தொடும்போதுதான் அவர் “தெரியுது” என்றார். அடுத்த கண்ணிலும் அதேதான். பிறகு பார்வைப் புலத்தை அளக்கும் கருவியில் முறையாக அளந்தோம். இரண்டு கண்களிலும் வெளிப் பாதி இருண்டிருந்தது. பார்வைப் புலம் திரும்பும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று அன்றே சொல்லிவிட்டேன். அவர் பிழைப்பு அதுதான்; சொல்ல எளிதாக இல்லை.

தலைவலியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நல்ல சாட்சி அல்ல. ஊரில் தலைவலி இல்லாதவர் யார்? சிறிய கட்டிக்குக் கடுமையாக வலிக்கும். பெரிய கட்டிக்கு வலியே இல்லாமலும் போகும். தலைவலி மட்டும் இருந்தால் பிட்யூட்டரியை நினைக்க வேண்டியதில்லை. தலைவலியோடு ஆசை குறைவு, அல்லது தலைவலியோடு பக்கவாட்டில் இடித்துக்கொள்வது என்று ஜோடி சேரும்போதுதான் நான் நிமிர்ந்து உட்காருவேன். ஒரு பக்க இமை இறங்குவதும், ஒன்று இரண்டாகத் தெரிவதும் அதேபோல. அது கட்டி பக்கவாட்டு அறைக்குள் நுழைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

அவருடைய இரத்த முடிவு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் 95, எல்.எச். 0.9. ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் இல்லாத ஆணுக்கு இரத்த உற்பத்தியும் மந்தமாகும் என்பதால் அதில் வியப்பில்லை. காலைக் கார்ட்டிசால் போதுமான அளவு இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் 42 மில்லி மீட்டர் கட்டி, பார்வைச் சந்திப்பை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. புரோலாக்டின் மட்டும் 78.

இந்த 78-இல்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இயல்பைவிட அதிகம்தான். ஆனால் 42 மில்லி மீட்டர் புரோலாக்டினோமா என்றால் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். 78-ஐ அப்படியே நம்பினால் கதை வேறு: எந்த ஹார்மோனும் சுரக்காத வேறொரு கட்டி, பிட்யூட்டரியின் காம்பை அழுத்துகிறது. மேலிருந்து டோபமின் வந்துதான் புரோலாக்டினை அடக்கி வைத்திருக்கிறது. காம்பு அழுந்தினால் டோபமின் வராமல் புரோலாக்டின் கொஞ்சம் ஏறும். பொதுவாக 100-ஐத் தாண்டாது. அந்தக் கதை உண்மையானால் மருந்து பயன்படாது. பார்வையைக் காப்பாற்ற அறுவை சிகிச்சைதான்.

நான் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்: அதே இரத்தத்தை நூறு மடங்கு நீர்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இந்தப் பரிசோதனையில் இரண்டு எதிர்ப்பொருள்கள் புரோலாக்டின் மூலக்கூறை இருபுறமும் பிடித்துக்கொண்டால்தான் கணக்கில் சேரும். புரோலாக்டின் அளவுக்கு மீறி வெள்ளமாக இருந்தால், ஒவ்வொரு எதிர்ப்பொருளும் வேறு வேறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு ஜோடி சேராமல் நின்றுவிடும். கருவி குறைவாகக் காட்டும். இப்போதைய கருவிகளில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. நீர்த்துப் பார்த்ததில் 9,600 என்று வந்தது. புரோலாக்டினோமாதான். கத்திக்கு வேலை இல்லை.

பார்வையை அழுத்தும் கட்டி ஒன்றை மாத்திரையால் வைத்தியம் செய்வதா என்று உறவினர்கள் நம்ப மறுத்தார்கள். நியாயமான சந்தேகம். மற்ற பெரும்பாலான பிட்யூட்டரிக் கட்டிகள் பார்வையை அழுத்தினால் மூக்கு வழியாகத்தான் எடுக்கிறோம். அந்த வழியில் முதன்முதலில் அறுவை செய்தவர் ஹெர்மன் ஷ்லோஃபர், 1907-இல், இன்ஸ்ப்ரூக் நகரில். புரோலாக்டினோமா மட்டும் விதிவிலக்கு. அதன் செல்களில் டோபமின் ஏற்பிகள் நிறைந்திருக்கின்றன. டோபமினைப் போல நடிக்கும் கேபர்கோலின் என்ற மருந்து கொடுத்தால் சுரப்பும் நிற்கும், கட்டியும் சுருங்கும். கால் மில்லி கிராம், வாரத்துக்கு இரண்டு முறை, இரவு சாப்பாட்டோடு. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏற்றுவோம். வாரத்துக்கு இரண்டே மாத்திரையா என்று அவர் மனைவிக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

இந்த அளவுக் கட்டியில் முதல் சில வாரங்கள் பார்வையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். பலருக்குச் சில நாட்களிலேயே ஓரம் திறக்கத் தொடங்கும். திறக்காமல் மேலும் மூடினால் அறுவைக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் எச்சரித்து அனுப்புவேன். எலும்பை அரித்து இறங்கிய கட்டி வேகமாகச் சுருங்கும்போது, அடைத்திருந்த ஓட்டை திறந்து மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே கசியலாம். குனிந்தால் ஒரு மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினால் சளி என்று விட்டுவிடாமல் உடனே வர வேண்டும். மூளைக்காய்ச்சல் வரக்கூடிய வழி அது. இந்த மருந்து சிலருக்குச் சூதாட்ட வெறியையோ அடங்காத காமத்தையோ கிளப்பிவிடும் என்பதையும் மனைவி இருக்கும்போதே சொல்லிவிடுவது வழக்கம். திடீரென்று ஆன்லைன் ரம்மியில் உட்கார்ந்தால் அது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம்.

மூன்றாம் வாரத்தில் அவருடைய பார்வைப் புலம் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. ஆறாம் மாதம் புரோலாக்டின் 30, கட்டி பாதி. டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவு வேகமாக வருவதில்லை; ஓராண்டு வரைகூடப் பொறுக்க வேண்டும். ஒன்பதாம் மாதம் 340 வந்தது. வராதவர்களும் உண்டு. நசுங்கிய செல்கள் மீளவில்லை என்று தெரிந்தபின், குழந்தை வேண்டாதவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனையும், வேண்டுபவர்களுக்கு எல்.எச். வேலையைச் செய்யும் வேறு ஊசியையும் கொடுக்கிறோம். மாத்திரையைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தொடர வேண்டும். இவ்வளவு பெரிய கட்டிக்குப் பெரும்பாலும் அதற்கும் மேல்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால்? கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். ஆசைகூட ஓரளவு திரும்பியிருக்கலாம். மருத்துவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். கட்டி சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மீதியிருக்கும் எல்.எச்.ஸும் அடங்கி, விந்தணு உற்பத்தி நின்றுபோகும். அதற்குப் பின் எடுக்கும் எல்.எச். அளவை வைத்து எதையும் சொல்லவும் முடியாது. குழந்தைக்காக வந்த இளைஞர்களுக்கே இப்படி ஊசி போட்டு அனுப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும், மறைக்க மாட்டேன்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. புரோலாக்டின் 60 என்று கண்டதும் தலையில் கட்டி என்று ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். நம் ஊரில் காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’ பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கிறது, சிலவற்றில் லெவோசல்பிரைடு. இரண்டும் டோபமினைத் தடுத்துப் புரோலாக்டினை ஏற்றும். மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோனும் அப்படியே. தைராய்டு குறைவும் ஏற்றும். கேஸ் மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் எடுத்தால் பாதி ஸ்கேன்கள் தேவைப்படாது. மனநல மருந்தை மட்டும் அந்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

கடைசியாக, காத்திருக்கவே கூடாத ஒரு நிலை. பிட்யூட்டரிக் கட்டிக்குள் திடீரென்று இரத்தம் கசியலாம். கட்டி இருப்பதே அதுவரை தெரியாதவர்களுக்கும் இது நடக்கும். வாழ்க்கையில் கண்டிராத தலைவலி ஒரே நொடியில் இறங்கும். வாந்தி வரும். சில மணி நேரத்துக்குள் பார்வை மங்கும், அல்லது ஒரு கண் இமை மூடிக்கொண்டு எல்லாம் இரண்டாகத் தெரியும். ஆள் மயங்கத் தொடங்குவார். ஒற்றைத் தலைவலி என்று வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்தால் காலையில் எழுந்திருக்காமலே போகலாம்; ஏனென்றால் இங்கே முதலில் உயிரை வாங்குவது பார்வை நரம்பின் பாதிப்பு அல்ல, கார்ட்டிசால் வற்றிப்போவது. இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அவரை நரம்பியல் அறுவை வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே கொண்டுபோக வேண்டும். “கொஞ்ச நாளாவே இவருக்கு ஆசை இல்ல, சவரம்கூட அவ்வளவா தேவைப்படல” என்று கூட வந்தவர் அங்கே கூச்சப்படாமல் சொன்னால் பிட்யூட்டரியை நினைக்கும் மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லி கிராமை நரம்பில் செலுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்கேன் அறைக்கு அனுப்புவார்.